மாதவிடாய் நாட்களில் வரும் காய்ச்சலை டெங்கு என்று மட்டும் எண்ணிவிடும் தவறு

டேம்பான், கப், துணி நாப்கின் ஆகியவற்றை ஒப்பிடும்போது பலர் விலையையும் கசிவையும் மட்டுமே பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, அது உடலுக்குள் வைக்கப்படுகிறதா, வெளியே அணியப்படுகிறதா என்பதாகும். ஸ்டஃபிலோகொக்கஸ் ஒரியஸ் என்ற கிருமி உள்ளே பெருகி வெளியிடும் நச்சு இரத்தத்தில் கலப்பதால்தான் நச்சு அதிர்ச்சி நோய் வருகிறது. இது அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது.

வெள்ளவத்தையிலிருந்து காலை ஆறரைக்குப் புறப்பட்டு, கோட்டையில் வேலை முடித்து இரவு ஏழுக்கு வீடு திரும்பும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அலுவலகக் கழிவறையில் மாற்றத் தயங்கி, அதிகம் உறிஞ்சும் பெரிய டேம்பானைக் காலையிலேயே வைத்துக்கொண்டால், அது பன்னிரண்டரை மணி நேரம் உள்ளே இருந்துவிடும். இதில் தவறு இரண்டு: டேம்பானை 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், போக்கிற்குப் போதுமான மிகச் சிறிய அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும். 1980இல் அமெரிக்காவில் இந்நோய் பரவலாகக் கண்டறியப்பட்டபோது, மிகையாக உறிஞ்சும் டேம்பான்களுடனேயே அது தொடர்புபடுத்தப்பட்டது.

கப் உறிஞ்சுவதில்லை, ஆகவே ஆபத்தே இல்லை என்று நம்புவதும் தவறு. கப் பயன்படுத்தியவர்களுக்கும் இந்நோய் வந்திருக்கிறது. உறையில் குறித்த நேரத்தை மீறாமல், கையைக் கழுவிய பின் வெளியே எடுத்து, ஒவ்வொரு மாதவிடாய்க்கும் இடையில் கொதிக்கவைக்க வேண்டும். கருத்தடை வளையம் பொருத்தியவர்கள், கப்பின் அடிப்பகுதியை அழுத்திக் காற்றுப்பிடிப்பை விடுவிக்காமல் இழுத்தால் வளையமும் இடம்பெயரலாம்.

துணி நாப்கின் வெளியே இருப்பதால் இந்த நோய்க்கு அதனுடன் பெரிதாகத் தொடர்பில்லை. கொழும்பின் மழைமாதங்களில் அதை மற்ற உடைகளுக்கு அடியில் மறைத்து உலர்த்துவதே பிரச்சினை. ஈரம் முற்றாக நீங்காத துணி தோல் எரிச்சலைத் தரும்.

மிகவும் கவலைக்குரிய தவறு காய்ச்சல் வந்த பின்னர் நிகழ்கிறது. திடீரென 38.9 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைவலி, வெயிலில் கன்றியது போன்ற சிவப்பு, எழுந்தால் தலைசுற்றல் என்றால் இங்கே எல்லோரும் டெங்கு என்றே நினைப்பார்கள். இரு நோய்களிலும் இரத்தத்தட்டுகள் குறையலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையும் குழப்பக்கூடும். டெங்கில் இரத்த அழுத்தம் பெரும்பாலும் சில நாட்கள் கழித்து, காய்ச்சல் தணியும் வேளையில் வீழ்கிறது. நச்சு அதிர்ச்சியிலோ காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே, சில மணி நேரத்தில்கூட வீழ்ந்துவிடலாம்.

எனவே உள்ளே இருப்பதை உடனே அகற்றிவிட்டு, இலங்கையின் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச நோயாளர் காவு வண்டியில் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மாதவிடாய் என்பதையும், டேம்பானோ கப்போ எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் வைத்தியர் கேட்கும் முன்பே, வெட்கப்படாமல் சொல்லுங்கள். இந்நோய் மீண்டும் வரக்கூடியது. ஒருமுறை வந்தவர்கள் அதன்பின் டேம்பானையும் கப்பையும் தவிர்த்து, வெளியே அணிபவற்றையே பயன்படுத்த வேண்டும்.