பள்ளி நண்பனுக்கு வாழ்த்து: கட்டைவிரல் பதில் நின்ற கதை

எட்டாம் வகுப்பிலிருந்து பழக்கமானவன். எந்தப் பிறந்தநாள் வாழ்த்துக்கும் கட்டைவிரல் படம்தான் பதில். இந்த முறை நாள்கணக்கில் எழுதி எழுதி அழித்தேன். கவிதை யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும். 'உயிர் நண்பா' வசனமும் அப்படியே. வகுப்புக் குழுப்படம் எல்லோரிடமும் இருக்கிறது.

கடைசியில் பலித்தது இது: "டேய், கணக்குப் பரீட்சை அன்னைக்கு உன் ஜாமெட்ரி பாக்ஸ்ல நான் போட்ட புளியங்கொட்டை இன்னும் இருக்கா? பிறந்தநாள் வாழ்த்துகள்டா."

கவனியுங்கள், வாழ்த்து கடைசியில்தான் வருகிறது. பூட்டிய திரையில் செய்தியின் தொடக்கம் மட்டுமே தெரியும். அன்று வரும் எல்லாச் செய்தியும் 'இனிய பிறந்தநாள்' என்றே தொடங்கும். கேள்வி என்பதால் கட்டைவிரலும் பதிலாகாது.

அவனே அழைத்தான். கொட்டை போய்விட்டதாம்; பாக்ஸை இப்போது மகள் பள்ளிக்கு எடுத்துப் போகிறாளாம். அப்பாடா!