வைவாவில் நிஜமான பிழை பிடிபட்டால்: வாய் தவறும் இடங்கள்

"மொத்தம் எட்டுப் பாத்திதானே போட்டிருக்கிறீர்கள்? அப்புறம் கணக்கில் 80 என்று எப்படி வந்தது?"

மொரீஷியஸில் நான் ஆய்வேட்டைக் கொடுத்து வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு உட்கார்ந்த அன்று, வெளித்தேர்வாளர் கேட்ட மூன்றாவது கேள்வி இது. குரலில் கடுமை இல்லை. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, மணி கேட்பது போலக் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, நான்காம் அத்தியாயத்தின் தலைப்புச் செய்தி நிற்காது என்று. சித்தி மகள் இப்போது தன் வைவாவுக்குத் தயாராகிறாள். "அக்கா, நிஜமாகவே தப்பு செய்திருந்தால் என்ன சொல்வது?" என்று கேட்டாள். அன்று நான் சொன்னதில் பாதியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆய்வு இதுதான். அறுவடைக்குச் சில வாரங்கள் முன்பு தெளித்தால் கரும்புச் சாற்றில் சர்க்கரை கூடும் என்று சொல்லப்படும் ஒரு மருந்து. சீட்டுக் குலுக்கி எடுத்த நான்கு பாத்தியில் தெளித்தேன், நான்கு பாத்தியை அப்படியே விட்டேன். அறுவடையின்போது ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் 10 கரும்பு வெட்டி, சாறு பிழிந்து, சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸை ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்தேன். தெளித்ததில் சராசரி 20.4, தெளிக்காததில் 19.2. தெளித்த பக்கம், தெளிக்காத பக்கம் என்று பக்கத்துக்கு 40 கரும்பு எடுத்துக்கொண்டு, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் t சோதனை போட்டேன். t ஏறக்குறைய 3.6 வந்தது. மருந்துக்குப் பலனே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பைச் சொல்லும் p 0.001க்கும் கீழே. மகிழ்ச்சியாக எழுதிவிட்டேன்.

பிழை எங்கே என்றால், மருந்தை நான் கரும்புக்குத் தெளிக்கவில்லை, பாத்திக்குத் தெளித்தேன். ஒரே பாத்தியில் இருக்கும் பத்துக் கரும்புக்கும் மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, தெளித்த கையும் ஒன்று. அவை பத்துத் தனிச் சாட்சிகள் அல்ல, ஒரு சாட்சி பத்துத் தடவை பேசுகிறது. இதைப் போலி மறுபதிவு என்பார்கள். 1984இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் சூழலியல் ஆய்வுகளில் இது எவ்வளவு பரவியிருக்கிறது என்று எழுதிய கட்டுரையை நான் படித்தும் இருந்தேன். படித்தது வேறு, தன் அட்டவணையில் கண்டுபிடிப்பது வேறு.

முதல் தவறு, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னது. "ஒரு பாத்திக்குப் பத்துக் கரும்பு எடுப்பதுதான் வழக்கம்" என்றேன். உண்மைதான், ஆனால் ஏன் பத்து எடுத்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. எடுத்ததை எப்படி எண்ணினாய் என்றுதான் கேட்டார். பயத்தில் நாக்கு தனக்குத் தெரிந்த பத்தியைத் தேடி ஓடும். அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறக்க அரை நிமிடம் கேளுங்கள். "ஒப்பீட்டுக்கு அலகு கரும்பா பாத்தியா என்று கேட்கிறீர்கள், சரிதானே?" என்றால் போதும். யாரும் மறுக்கமாட்டார்கள்.

அந்த அரை நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டியது, இது நிஜப் பிழையா, வெறும் கருத்து வேறுபாடா என்பது. தேர்வாளர் வேறொரு முறையை விரும்புகிறார் என்றால் உங்கள் முறைக்கு நீங்கள் வாதாடலாம், வாதாடவும் வேண்டும். என் விஷயத்தில் உரைகல் எளிது: எதற்குச் சீட்டுக் குலுக்கினேன்? பாத்திக்கு. அப்படியானால் பாத்திதான் அலகு. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இரண்டாவது தவறு இன்னும் மோசம். "பாத்தியையும் சேர்த்துக் கலப்பு மாதிரி என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டால் சரியாகிவிடும், முடிவு மாறாது" என்றேன். முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, அந்தக் கணக்கை நான் போட்டதே இல்லை. போடாத கணக்கின் விடையைத் தேர்வறையில் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் அதை அங்கேயே போட்டுப் பார்க்கக்கூடியவர்.

போட்டும் பார்த்தார். பின்னிணைப்பில் பாத்திச் சராசரிகளை நானே கொடுத்திருந்தேன். தெளிக்காதவை 18.3, 19.9, 18.6, 20.0. தெளித்தவை 20.9, 19.6, 21.3, 19.8. பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்தார். கணக்குப் போடாமலே ஒன்று தெரியும்: தெளிக்காததில் உயர்ந்தது 20.0, தெளித்ததில் தாழ்ந்தது 19.6. இரண்டு கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. கணக்கும் அதையே சொல்கிறது. வித்தியாசம் அதே 1.2தான், ஆனால் அதன் நிச்சயமின்மையை அளக்கும் திட்டப்பிழை 0.33இலிருந்து 0.60 ஆகிறது. t 1.99க்கு இறங்குகிறது. 78 கட்டின்மைப் பாகைக்குப் பதில் 6தான் கையில் இருப்பதால் 5 விழுக்காட்டு மட்டத்துக்கு 2.45 தேவை. p 0.09க்குப் பக்கத்தில். எல்லாப் பாத்தியிலும் சமமாகப் பத்து இருந்ததால் கலப்பு மாதிரியும் இதே விடையைத்தான் தந்திருக்கும். வாக்கு அறைக்குள்ளேயே பொய்த்தது.

அதற்குப் பிறகு நான் எதிர்ப் பக்கம் சாய்ந்தேன். இதுதான் மூன்றாவது தவறு. நல்ல மாணவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள் என்பது என் எண்ணம். "அப்படியானால் மருந்து வேலை செய்யவில்லை, அத்தியாயம் முழுக்கத் தப்பு" என்றேன். அடக்கமாக இருக்கிறோம் என்ற நினைப்பு. உண்மையில் ஒரு பிழையை ஒப்புக்கொள்ளும் சாக்கில் புதிதாக இரண்டைச் சேர்த்தேன்.

மருந்து வேலை செய்யவில்லை என்று அந்தத் தரவு சொல்லவே இல்லை. வித்தியாசத்துக்கு 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி -0.3 முதல் 2.7 வரை. பூஜ்யமும் உள்ளே இருக்கிறது, இரண்டு பிரிக்ஸுக்கு மேல் கூடுவதும் உள்ளே இருக்கிறது. எட்டுப் பாத்தியால் இவ்வளவுதான் சொல்ல முடியும். "நிரூபிக்கவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு மாணவருக்குத் தெரியுமா என்று தேர்வாளர் கவனித்துக்கொண்டிருப்பார், என் தேர்வாளரும் கவனித்தார்.

அத்தியாயம் முழுக்கத் தப்பு என்றதும் தப்பு. மண் ஈரத்தைப் பற்றிய பகுதியில் பாத்திக்கு ஒரு கருவிதான் வைத்திருந்தேன், அங்கே அலகு சரியாகவே இருந்தது. அது தொடப்படவில்லை. ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் ஹெக்டேருக்கு எவ்வளவு லாபம் என்று கணக்கிட்ட இடம், இந்த 1.2ஐ உறுதியான எண்ணாக எடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. தேர்வாளர் பத்து நிமிடம் கழித்து அங்கே வந்தபோது மறுபடி முதலிலிருந்து வியர்த்தது. பிழை எங்கே தொடங்கி எதுவரை ஓடுகிறது என்று நாமே வரப்புப் போட்டுக் காட்டிவிட்டால் அந்த இரண்டாம் அடி விழாது.

நெறியாளரைக் கைகாட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "அவர் பார்த்து ஒப்புக்கொண்டதுதான்" என்று தொண்டை வரை வந்தது, நல்லவேளை விழுங்கினேன். பக்கத்துத் தீவான ரீயூனியனில் பிரெஞ்சு முறை, அங்கே நெறியாளர் ஜூரியிலேயே உட்கார்ந்திருப்பார், ஆனால் முடிவெடுப்பதில் அவருக்குப் பங்கில்லை. ஆக அவர் முகத்தைப் பார்ப்பதில் அங்கேயும் பயன் இல்லை. அங்கே படித்த என் தோழிக்கு ஒரு வசதி இருந்தது: மதிப்பீட்டாளர்களின் அறிக்கை அந்த வாய்மொழித் தேர்வுக்கு 14 நாளாவது முன்பே வந்துவிட வேண்டும் என்பது விதி. பிழை இருந்தால் பெரும்பாலும் அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும், வீட்டில் உட்கார்ந்து கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போகலாம். பதிலுக்கு, அம்மா அப்பா மாமா எல்லோரும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்க அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை!

சரி, என்ன சொல்லியிருக்க வேண்டும்? தங்கைக்கு எழுதிக் கொடுத்தது இது:

"நீங்கள் சொல்வது சரி. மருந்து பாத்திக்குத்தான் போனது, ஆகவே பக்கத்துக்கு நான்கு என்றுதான் எண்ணியிருக்க வேண்டும், நாற்பது என்று எண்ணியது என் பிழை. 1.2 என்ற வித்தியாசம் மாறாது. அதன் நிச்சயமின்மை கூடும். எவ்வளவு என்று கணக்கிடாமல் சொல்ல விரும்பவில்லை, ஆனால் பாத்திச் சராசரிகள் ஒன்றோடொன்று கலந்திருப்பதால் நான் எழுதிய அளவு உறுதி நிற்காது என்று எதிர்பார்க்கிறேன். ஐந்தாம் அத்தியாயத்து லாபக் கணக்கும் இதையே நம்பியிருக்கிறது, அதையும் திருத்த வேண்டும். மண் ஈரப் பகுதியில் இந்தச் சிக்கல் இல்லை."

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிழை எது, எண்ணில் எது நிற்கிறது, எது ஆடுகிறது, எங்கே பரவுகிறது, எங்கே பரவவில்லை, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. மன்னிப்பு ஒரு தடவைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் அன்று நான்கு தடவை மன்னிப்புக் கேட்டேன், அந்த நேரத்தில் ஒரு எண்ணாவது சொல்லியிருக்கலாம்.

திருத்தங்களோடு தேர்ச்சி என்று முடிவு வந்தது. திருத்தும்போதும் ஒரு சபலம் வரும்: பழைய சோதனையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவது. நான் அட்டவணையை மாற்றினேன், சுருக்கத்தில் "கூட்டுகிறது" என்றிருந்ததை "கூட்டக்கூடும், இந்த எட்டுப் பாத்தியில் உறுதியாகவில்லை" என்று மாற்றினேன், லாபக் கணக்கை ஒற்றை எண்ணாக இல்லாமல் இடைவெளியாகக் கொடுத்தேன். திருத்தப் பட்டியலில் பழைய p, புதிய p இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

எழுந்து போகும்போது தேர்வாளர் இன்னொன்று கேட்டார்: "மறுபடி செய்தால் பாத்திக்கு இருபது கரும்பு எடுப்பீர்களா?" அன்று ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். இருபது எடுத்தாலும் திட்டப்பிழை 0.60இலிருந்து 0.57க்குத்தான் இறங்குகிறது, ஏனென்றால் அந்தத் திட்டப்பிழையில் பெரும்பங்கு பாத்திக்கும் பாத்திக்கும் இடையிலான ஆட்டத்திலிருந்துதான் வருகிறது. 1.2 வித்தியாசத்தை ஐந்துக்கு நான்கு தடவை பிடிக்க வேண்டுமென்றால் பக்கத்துக்கு ஒன்பது பாத்தி வேண்டும். அதை மின்னஞ்சலில் அவருக்கு எழுதினேன். "இதைத்தான் கேட்டேன்" என்று ஒரு வரி பதில் வந்தது.