பிரான்சில் உடுப்பு வாங்கப் போகும்போது: ஒரு குளிர்கோட்டும் நான்கைந்து வாக்கியங்களும்

பாரிசுக்கு வந்த முதல் மாதத்தில் எல்லோருக்கும் தேவைப்படுவது ஒரு நல்ல குளிர்கோட். லாச்சப்பலில் நம்மவர் கடைகளில் தமிழிலேயே பேசி மற்றச் சாமான்களை வாங்கிவிடலாம். ஆனால் கோட் வாங்கப் பெரும்பாலும் பிரெஞ்சுக் கடைக்குத்தான் போகவேண்டியிருக்கும். ஒரு பெண் அங்கே கோட் வாங்குவதாக வைத்துக்கொண்டு, கடை வாசலிலிருந்து காசு கட்டும் இடம் வரை போவோம். கீழே 'ன்' என்று முடியும் ஒலிகளை முழுதாக உச்சரிக்காமல் மூக்கால் விட்டுவிடுங்கள்; 'மரீன்', 'கபீன்' இரண்டில் மட்டும் 'ன்' முழுதாக வரும்.

உள்ளே போனதும் முதல் வார்த்தை "பொன்ஜூர்". அதைச் சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால் மரியாதையில்லாத ஆள் என்றே நினைப்பார்கள்.

– பொன்ஜூர் மடாம். ஜ ஷேர்ஷ் அன் மான்தோ. (வணக்கம் அம்மா. ஒரு கோட் தேடுகிறேன்.)
– வூ ஃபெத் கெல் தாய்? (உங்களுக்கு என்ன சைஸ்?)
– ஜ ஃபெ து திரான்த்-உய்த். (38.)

'தாய்' என்றால் உடுப்பின் சைஸ். சப்பாத்துக்கு அந்தச் சொல் வராது, அதற்கு 'புவான்த்யூர்'. இலங்கையில் நாம் பார்த்துப் பழகியது பிரிட்டிஷ் இலக்கம். பெண்களின் உடுப்பென்றால் அதோடு 28-ஐக் கூட்டுங்கள், பிரெஞ்சு இலக்கம் வரும்: 10 என்பது 38, 12 என்பது 40. எனக்கு இது தெரியாத காலத்தில் "தீஸ்" என்று பத்தைச் சொல்லி நின்றேன். கடைக்காரப் பெண் என்னைப் பிள்ளைகளின் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இங்கே பிள்ளைகளின் உடுப்புக்கு வயதுதான் சைஸ். பத்து என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு.

இனி நிறம். பிரெஞ்சில் பொருளின் பாலுக்கு ஏற்ப நிறத்தின் சொல்லும் மாறும். வெள்ளை 'ப்ளான்', ஆனால் வெள்ளைச் சட்டை 'ஷெமீஸ் ப்ளான்ஷ்'. பச்சை 'வேர்', பெண்பாலில் 'வேர்த்'. புதிதாக வந்தவர்கள் இதில்தான் தயங்கி வாயைத் திறக்காமல் விடுகிறார்கள். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு: நிறத்துக்கு முன்னால் 'ஆன்' போடுங்கள். 'ஆன்' வந்தால் எந்தப் பொருளானாலும் நிறம் மாறாது.

– வூ லவே ஆன் நுவார்? (இது கறுப்பில் இருக்கிறதா?)
– நோன், ஆன் க்ரீ ஊ ஆன் ப்ளு மரீன். (இல்லை, சாம்பலில் அல்லது கடும் நீலத்தில் உண்டு.)
– ஆன் ப்ளு மரீன், சில் வூ ப்ளே. ஜ ப லெசெய்யே? (கடும் நீலத்தில் தாருங்கள். போட்டுப் பார்க்கலாமா?)
– வுய், லே கபீன் சோன் ஓ ஃபோன், அ கோஷ். (ஓம், போட்டுப் பார்க்கும் அறைகள் கடைசியில், இடது பக்கம்.)

கோட்டைக் கம்பளிச் சட்டைக்கு மேலேதான் போட்டுப் பாருங்கள். மெல்லிய சட்டையோடு சரியாக இருந்த 38, ஜனவரிக் குளிரில் கம்பளிக்கு மேல் பூட்ட முடியாமல் போகும். இறுக்கமென்றால்:

– செ த்ரோ செரே. வூஸவே ப்ளு க்ரான்? (மிகவும் இறுக்கம். இதைவிடப் பெரிது இருக்கிறதா?)

புத்தகங்களில் இதற்கு 'தாய் ஓ-தெஸ்யூ' (ஒரு சைஸ் கூட) என்று இருக்கும். குறைந்த சைஸ் 'ஓ-தெஸூ'. 'யூ'வுக்கும் 'ஊ'வுக்கும் உள்ள அந்தச் சின்ன வித்தியாசம் நம் வாயில் இலேசில் வராது. பெரிது கேட்டுச் சிறிது வரும். 'ப்ளு க்ரான்', 'ப்ளு பெதீ' என்று கேளுங்கள், குழப்பம் இல்லை.

40 பொருந்துகிறது. விலை கேட்போம்.

– செ கொம்பியான்?
– சுவாசான்த்-தீஸ்நஃப் எரோ கத்ர-வான்-தீஸ்.

இது 79,90 யூரோ. பிரெஞ்சில் 79 என்பது அறுபதும் பத்தொன்பதும், 90 என்பது நான்கு இருபதும் பத்தும். நான் 'சுவாசான்த்' என்று கேட்டவுடனேயே மூன்று இருபது யூரோத் தாள்களை எடுத்து நீட்டியிருக்கிறேன். வாக்கியம் முடியும்வரை பொறுங்கள். விளங்காவிட்டால் "வூ பூவே லெக்ரீர்?" (எழுதிக் காட்டுவீர்களா?) என்று கேட்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். விலைச்சீட்டில் வரியும் சேர்ந்தே இருக்கும். புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போட்டிருப்பார்கள்.

வாங்க விருப்பமில்லையென்றால் "ஜ வெ ரெஃப்லெஷீர், மெர்சி" (யோசித்துப் பார்க்கிறேன், நன்றி) என்று சொல்லிவிட்டு வரலாம். வாங்குவதென்றால் "ஜ ல ப்ரான்". காசு கட்டும் இடத்தில் இரண்டு வாக்கியம் மறக்கவேண்டாம்:

– ல திக்கே, சில் வூ ப்ளே. (பற்றுச்சீட்டுத் தாருங்கள்.)
– ஜ ப எஷான்ஜே? (மாற்றலாமா?)

2023 ஆகஸ்டிலிருந்து கடைகள் பற்றுச்சீட்டைத் தாமாக அச்சிட்டுத் தருவதில்லை, கேட்டால்தான் தருவார்கள். கடையில் போய் வாங்கிய உடுப்பு அளவில்லை, பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றிக் கொடுக்கச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அது அந்தந்தக் கடையின் விருப்பம். பழுதான சாமானென்றால் வேறு, மலிவு விற்பனையில் வாங்கியதானாலும் அதற்கு அவர்கள் பொறுப்பு. எப்படியிருந்தாலும் சீட்டையும் கோட்டில் தொங்கும் விலை அட்டையையும் வீட்டில் இன்னொரு முறை போட்டுப் பார்க்கும்வரை வைத்திருங்கள்.