ப்ராடக்ட் மேனேஜர் ரெஸ்யூமே: முதல் மூன்று வரிகளை எழுதும் முறை

"புதிய பதிவுப் பக்கம், நோட்டிஃபிகேஷன் வசதி, டாஷ்போர்டு ஆகியவற்றை வெளியிட்டேன்." ரெஸ்யூமேயின் மேலே பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். இவற்றைச் செய்யலாம் என்று முடிவெடுத்தது நீங்களா, அல்லது யாரோ எடுத்த முடிவை நீங்கள் முடித்துக் கொடுத்தீர்களா என்பது இதைப் படிப்பவருக்குத் தெரியாது.

படி 1. பட்டியலிலிருந்து ஒரே ஒரு வேலையை எடுங்கள். பெரிய வேலையாக இருக்கத் தேவையில்லை. டீமுக்குள் வாக்குவாதம் நடந்த வேலையாக இருக்கட்டும். மேலே சொன்னதில் பதிவுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம்.

படி 2. கைவிட்ட வழி எது என்று எழுதுங்கள். நம் உதாரணத்தில், மின்னஞ்சலைச் சரிபார்த்த பிறகே ஆப்பைத் திறக்க முடியும் என்பது பழைய முறை. அதை அப்படியே வைத்துக்கொண்டு படிவத்தை மட்டும் சுருக்குவது ஒரு வழி. சரிபார்ப்பை முதல் பணப் பரிவர்த்தனை வரை தள்ளிப்போடுவது இன்னொரு வழி. நீங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தீர்கள்.

படி 3. அதற்குக் கொடுத்த விலை என்ன? எழுத மனம் வராத பகுதி இதுதான், ஆனால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சரிபார்ப்பைத் தள்ளிப்போட்டால் போலிக் கணக்குகள் கூடும். அது தெரிந்தேதான் முடிவெடுத்தீர்கள். அதனால் சரிபார்க்காத கணக்குகள் மற்றவர்களுக்குச் செய்தி அனுப்ப முடியாதபடி தடுத்தீர்கள். இதை எழுதினால்தான் நீங்கள் யோசித்து எடுத்த முடிவு என்பது தெரியும்.

படி 4. விளைவை எழுதும்போது முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, எத்தனை வாரத்தில், எப்படி அளந்தீர்கள் என்ற நான்கும் வேண்டும். "பதிவு 30% கூடியது" என்றால் 10 பேர் 13 ஆனதா, 10,000 பேர் 13,000 ஆனதா என்று தெரியாது. அதே மாதம் விளம்பரமும் ஓடியிருந்தால் முழுப் பெருமையையும் உங்கள் முடிவுக்கே கொடுக்க முடியாது. ஏ/பி டெஸ்ட் நடத்தியிருந்தால் அதைச் சொல்லுங்கள். நடத்தவில்லை என்றால் "மாற்றத்துக்குப் பிறகு" என்று மட்டும் எழுதுங்கள். உண்மையான எண்கள் நிறுவன ரகசியம் என்றால் "ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம்" போன்ற விகிதம் போதும்.

படி 5. இப்போது சுருக்குங்கள். மாதிரிக்கு, எண்கள் கற்பனை:

> பதிவின்போது பாதிப் பேருக்கு மேல் விலகியதால், மின்னஞ்சல் சரிபார்ப்பை முதல் பரிவர்த்தனை வரை தள்ளிப்போட முடிவெடுத்தேன். போலிக் கணக்குகள் 2%-இலிருந்து 5% ஆகின. சரிபார்க்காத கணக்குகளுக்குச் செய்தி வசதியை நிறுத்தி, புகார்கள் கூடாமல் பார்த்துக்கொண்டேன். ஆறு வார ஏ/பி டெஸ்டில் பதிவை முடித்தவர்கள் பழைய முறையில் 46%, புதிய முறையில் 61%.

"முடிவெடுத்தேன்" என்ற சொல்லை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். இறுதி முடிவு மேலாளருடையது என்றால் "பரிந்துரைத்தேன்" என்று மாற்றுங்கள். இன்டர்வியூவில் முதல் கேள்வியே "இதற்கு யார் மறுப்புச் சொன்னார்கள், என்ன பதில் சொன்னீர்கள்?" என்று வரலாம். நண்பர் ஒருவரை அதைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் தடையில்லாமல் பேச முடியவில்லை என்றால், படி 1-க்குப் போய் வேறு வேலையை எடுங்கள்.