வாங்காத பார்சலுக்கு ஓடிபி கேட்டால்

வாசலில் ஒருவர் பார்சலோடு நிற்கிறார். உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் சரியாக இருக்கிறது. "நான் எதுவும் ஆர்டர் பண்ணலையே" என்கிறீர்கள். அவர் அலட்டிக்கொள்வதில்லை. "சரிங்க, கேன்சல் பண்ணிடறேன். ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க." நாம் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாங்குவதற்கு யோசிப்பவர்கூட, வேண்டாம் என்று திருப்பி அனுப்பத்தானே என்று எண்ணைச் சொல்லிவிடுவார்.

போன் அதிர்ந்ததும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், மெசேஜை முழுசாகப் படியுங்கள். டெலிவரிக்கான ஓடிபி என்றால் கடையின் பெயரோ ஆர்டர் விவரமோ இருக்கும். அதற்குப் பதிலாக வங்கியின் பெயர், 'லாகின்', 'பாஸ்வேர்டு மாற்ற', வாட்ஸ்அப் பதிவு என்று ஏதாவது இருந்தால், யாரோ அதே நொடியில் உங்கள் கணக்கைத் திறக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். கதவில் நிற்பவருக்கே இது தெரியாமலும் இருக்கலாம்.

"பார்சல் வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க" என்று சொன்னால் போதும். அவர் நீட்டும் போனிலோ சொல்லும் நம்பரிலோ பேச வேண்டாம். சந்தேகம் இருந்தால் கடையின் ஆப்பைத் திறந்து உங்கள் ஆர்டர்களைப் பாருங்கள். வீட்டில் வேறு யாராவது உங்கள் நம்பரில் வாங்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். என் வீட்டில் பாதி நேரம் அதுதான் நடக்கிறது.

வாட்ஸ்அப் ஓடிபியைச் சொல்லிவிட்டீர்களா? உடனே அதே நம்பரில் மறுபடி பதிவு செய்யுங்கள், அவர்கள் வெளியேற்றப்படுவார்கள். வங்கி ஓடிபி என்றால் முதலில் வங்கிக்குப் போன் செய்யுங்கள்.