பால்கோவா சாப்பிட்டவருக்கு உடல்நலம் கெட்டால்: வீட்டிலிருந்து விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவையாற்றில் வீட்டிலேயே பால்கோவா கிண்டி விற்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். 20 லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சி, சுமார் 5 கிலோ கோவா எடுத்து, இரவு அகலத் தட்டில் துணி மூடி ஆறவிட்டு, காலையில் கையால் அழுத்தி 250 கிராம் டப்பாக்களில் அடைக்கிறார். 12 டப்பாக்கள் மன்னார்குடியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் பேருந்து பார்சலில் போகின்றன. மற்ற எட்டும் வாட்ஸ்அப்பில் சொல்லிவைத்தவர்களுக்குப் போகின்றன. அன்று மாலையே விழா வீட்டில் ஏழு பேருக்கு வாந்தி எடுக்கிறது. ஒரு பெரியவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

“நான் சுத்தமாகத்தானே செய்தேன்” என்பதே போதுமான பதில் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளரின் பொறுப்பைத் தனி அத்தியாயமாகவே வகுத்திருக்கிறது. அதன் 84ஆம் பிரிவின்படி, பொருளில் குறை இருந்தது, அதனால் தீங்கு நேர்ந்தது என்ற இரண்டையும் காட்டினால் போதும். தயாரித்தவர் அசட்டையாக இருந்தார் என்று வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டியதில்லை. இதைத் தவிர, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையிலும், மற்றப் பாதிப்புக்கு 1 லட்சம் வரையிலும் இழப்பீடு விதிக்க இடம் தருகிறது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருப்பது அவசியம்தான். ஆனால் அந்தப் பதிவு எண் இந்தப் பொறுப்பிலிருந்து யாரையும் காப்பாற்றாது.

இரண்டாவது தவறு, லேபிளில் தாராளமாக வாக்குக் கொடுப்பது. “வெளியில் வைத்தாலும் பத்து நாள் கெடாது” என்று சோதித்துப் பார்க்காமல் அச்சிட்டால், அது சட்டத்தின் கண்ணில் வெளிப்படையான உத்தரவாதம் ஆகிவிடுகிறது. அந்த உத்தரவாதத்தை நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும்தான் கொடுத்தேன் என்று நிரூபித்தாலும் பொறுப்பு நீங்காது. மாறாக, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும், குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும் என்பவை தெளிவாக இருந்து, வாங்கியவர் அதை மீறி டப்பாவை இரண்டு நாள் வெயிலில் வைத்திருந்தால், பொருள் தவறாகக் கையாளப்பட்டது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவின் கீழ் வாதிட வழி இருக்கிறது. எச்சரிக்கையே எழுதாதவருக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

எல்லாவற்றிலும் கேடானது, பயத்தில் மீதிக் கோவாவைக் கொட்டிவிடுவது. வாந்திக்குக் கோவாதான் காரணமா, மதியச் சாப்பாடா என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. கையில் வெட்டுக்காயமோ சளியோ உள்ளவர் தொட்ட பால் இனிப்பில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். அதை மறுபடி சூடாக்கினாலும் நஞ்சு அழியாது. இந்த நஞ்சு பெரும்பாலும் அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தியை உண்டாக்கும். நாம் எடுத்துக்கொண்ட கதையில், இரவு முழுவதும் அறைச் சூட்டில் கிடந்த தட்டும், காலையில் கையால் அழுத்தியதும் தயாரிப்பாளருக்கு எதிராகவே பேசும். ஆனால் அதே ஈட்டிலிருந்து எட்டு டப்பா வாங்கியவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்றால், அவருக்கு ஆதரவான வலுவான சான்று அது. அதைச் சொல்ல, எந்த ஈடு எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்று எழுதிய நோட்டு வேண்டும். டப்பாவிலும் அந்த ஈட்டின் பேட்ச் எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஈட்டிலும் 100 கிராமைத் தனி டப்பாவில் தேதியிட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தால், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுக்கலாம். அந்த ஈட்டின் விற்பனையை உடனே நிறுத்தி, மற்ற எட்டுப் பேரையும் சாப்பிட வேண்டாம் என்று அழைத்துச் சொல்வதும் அன்றே நடக்க வேண்டிய வேலை. நல்ல மனதுள்ளவர்கள்கூட வழக்குக்குப் பயந்து இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அதற்குள் இன்னொரு குழந்தை சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது?

விழா வீட்டார் அழைக்கும்போது சண்டை பிடிக்கவும் வேண்டாம், “என் கோவாவால்தான்” என்று வாட்ஸ்அப்பில் எழுதவும் வேண்டாம். பெரியவர் எப்படி இருக்கிறார், யார் யார் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதில் தவறில்லை; காரணம் இன்னதென்று ஆய்வுக்கு முன்னே நாமே முடிவு கட்டுவதுதான் தவறு.

கடைசியாக, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து வரும் நோட்டீஸை “பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்று அலமாரியில் வைத்துவிடுவது. வாங்கியவருக்குப் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. நோட்டீஸும் புகார் நகலும் பெற்றவருக்கோ பதில் தாக்கல் செய்ய 30 நாள்தான், ஆணையம் மனம் வைத்தால் மேலும் 15 நாள். அந்த 45 நாளுக்குப் பிறகு பதிலை ஏற்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. சமரசப் பேச்சு ஒருபுறம் நடந்தாலும், நோட்டும் ஆய்வறிக்கையும் இணைத்த எழுத்துப்பூர்வமான பதில் அந்தக் கெடுவுக்குள் ஆணையத்தில் தாக்கலாகியிருக்க வேண்டும்.