ஐந்து பேர் லீக்குக்கு ஒரு கேப்டன், லட்சம் பேர் போட்டிக்கு வேறு கேப்டன்: ஃபேன்டசி டீம் போடும் முறை

100 கிரெடிட், 11 பேர், கேப்டனுக்கு இரண்டு மடங்கு, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு பணம் கட்டி ஆடும் போட்டிகள் கிடையாது. நான் சொல்வது இலவசப் போட்டிகளுக்கும் நண்பர்கள் லீக்குக்கும்.

முதலில் எத்தனை பேர் என்று பாருங்கள்

டீமைத் தொடும் முன்பே இதைப் பார்க்க வேண்டும். சேப்பாக்கத்தில் ஒரு மேட்ச் என்று வைத்துக்கொள்வோம். பிரபலமான ஓப்பனர் ஒருவர் இருக்கிறார். 100 மேட்சில் 20-ல் அவர்தான் அதிகப் பாயிண்ட் எடுப்பார் என்பது உங்கள் கணிப்பு. ஒரு ஸ்பின்னருக்கு அந்த வாய்ப்பு 8 மேட்சில்தான். (எண்கள் உதாரணத்துக்கு.)

லட்சம் டீம் உள்ள போட்டியில் ஓப்பனரை 60,000 பேர் கேப்டனாக வைத்திருக்கிறார்கள், ஸ்பின்னரை 3,000 பேர். ஓப்பனர் அடித்தால் அறுபதாயிரம் பேரும் உங்களோடு சேர்ந்தே மேலே ஏறுவார்கள். நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். 20-ஐ 60 ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள், 8-ஐ 3 ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு வரும் வாய்ப்பு ஸ்பின்னரிடம் 8 மடங்கு அதிகம்.

அதே மேட்ச், ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர் லீக். மற்ற நால்வரில் மூவர் ஓப்பனரைத்தான் வைப்பார்கள். நீங்கள் அவரை விட்டால், அவர் அடிக்கும் 20 நாளிலும் மூன்று பேர் உங்களைத் தாண்டிப் போவார்கள். ஸ்பின்னர் உங்களுக்குக் கொடுப்பது 8 நாள்தான். இங்கே பேசாமல் ஓப்பனரை வையுங்கள். வித்தியாசத்தை மீதி பத்துப் பேரில் ஒருவரிடமோ இருவரிடமோ காட்டினால் போதும்.

டிஃபரன்ஷியல் என்றால் யாரும் எடுக்காதவர் இல்லை

மற்றவர்கள் அதிகம் எடுக்காத, உங்கள் டீமை வேறுபடுத்திக் காட்டும் வீரர்தான் டிஃபரன்ஷியல். ஆனால் ஒரு சதவீதம் பேர் மட்டும் எடுத்திருக்கிறார்கள் என்பதற்காக எட்டாவதாக இறங்கும் பேட்ஸ்மேனை எடுக்கக் கூடாது. அவருக்கு வேலை இருக்கிறதா என்று பாருங்கள்: நான்கு ஓவர் முழுதாகப் போடுவாரா, அல்லது முதல் மூன்று இடத்துக்குள் இறங்குவாரா? இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேப்டனை மாற்றினால் டீமையும் மாற்றுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். கேப்டனை மட்டும் ஸ்பின்னராக மாற்றிவிட்டு, மீதி டீமை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

2025 மார்ச் 23, சேப்பாக்கம், சென்னை – மும்பை. டாஸ் வென்ற சென்னை முதலில் பந்து வீசியது. நூர் அகமது 18 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். விக்கெட்டுக்கு 25 பாயிண்ட் என்றால் அதுவே 100, கேப்டனாக வைத்தவருக்கு 200. மும்பை 155-க்கு 9.

நூரைக் கேப்டனாக வைத்துவிட்டு, சூர்யகுமார், திலக் வர்மா, நமன் தீர் மூவரையும் டீமில் வைத்திருந்தால்? மூவரையும் வெளியேற்றியவர் நூர்தான். கேப்டன் ஜெயிக்க ஜெயிக்க உங்கள் பேட்ஸ்மேன்கள் காலி. சூர்யகுமார் விழுந்தது தோனியின் ஸ்டம்பிங்கில். ஸ்பின்னர் கேப்டன் என்றால் அதே அணியின் கீப்பருக்கு இப்படி ஒரு வழி திறக்கிறது.

அடுத்து சேஸிங். எதிரணி 155-ல் நின்றால் துரத்தும் அணியில் டாப் ஆர்டரே பெரும்பாதி ரன்னை எடுத்துவிடும். அன்று ருதுராஜ் 53, ரச்சின் ரவீந்திரா 65 நாட் அவுட். கடைசியில் இறங்கிய தோனிக்குக் கிடைத்தது இரண்டு பந்து. ஆகவே நூர் கேப்டன் என்றால் ரச்சினை வைஸ் கேப்டனாக வைப்பதுதான் பொருந்தும். ஃபினிஷருக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. பிட்ச் சுழல்கிறது என்று நம்பினால் எதிரணி ஸ்பின்னர் ஒருவரையும் சேருங்கள். அன்று மும்பையின் விக்னேஷ் புத்தூர் 3 விக்கெட் எடுத்தார்.

டெலிகிராம் டீம் வேண்டாம்

எனக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். கேப்டன் பெயரை மேலே எழுதி, அவர் ஜெயித்தால் வேறு யார் ஜெயிப்பார், யார் தோற்பார் என்று இரண்டு பட்டியல். சேனல்களில் வரும் டீம் ஒருவேளை சரியாகவே இருந்தாலும், அதையே ஆயிரக்கணக்கானோர் காப்பி அடித்திருப்பார்கள். சின்ன லீக்குக்கு ஓகே, பெரிய போட்டிக்கு அது வெறும் கூட்டம்.

பிற்சேர்க்கை 1: வைஸ் கேப்டனும் டிஃபரன்ஷியலாக இருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். பெரிய போட்டியில் ஒருவர் போதும். இரண்டு அரிய விஷயங்கள் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று காத்திருந்தால் சீசனே முடிந்துவிடும். அந்த இரண்டும் ஒரே கதையில் வந்தால் மட்டும் விதிவிலக்கு.

பிற்சேர்க்கை 2: கேப்டன் ப்ளேயிங் லெவனில் இல்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். 7:30 மேட்சுக்கு 7 மணிக்கு டாஸ். டீமை அதற்குப் பிறகு ஒருமுறை திறந்து பாருங்கள். இம்பாக்ட் பட்டியலையும் சேர்த்துப் படியுங்கள். மேலே சொன்ன விக்னேஷ் புத்தூர் அன்று லெவனிலேயே இல்லை, ரோஹித்துக்குப் பதிலாக இம்பாக்டாக வந்தவர்தான். உங்கள் செயலி அப்படி வருபவருக்குப் பாயிண்ட் தருகிறதா என்று அதன் விதிகள் பக்கத்தில் பார்த்துவிட்டு எடுங்கள்.